வர இயலாது என்று எழுதும் கடிதம்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரை. பேசியபடியே தரப்படுகிறது, ஓரிரு இடங்களில் மட்டும் சீர்செய்யப்பட்டுள்ளது.)



நம் செயலாளர் போன மாதம் எனக்குப் போன் செய்தார். "அண்ணே, இருபத்தாறு வருஷம் பர்சனல் டிபார்ட்மென்ட்ல இருந்திருக்கீங்க. இன்டர்வியூல ஜெயிக்கிறது எப்படின்னு பிள்ளைங்களுக்கு ஒரு இருபது நிமிஷம் பேசுங்களேன்" என்றார். ஜெயிப்பதைப் பற்றிப் பேச ஆள் நிறைய இருக்கிறார்கள். அதற்குப் புத்தகமும் பிளாட்பாரத்திலேயே கிடைக்கிறது. நான் பேச வந்தது வேறு ஒரு சின்ன விஷயம். முதல் சுற்றில் தேறிவிட்டீர்கள். இரண்டாம் சுற்றுக்கு வரச் சொல்லி அழைப்பு வந்துவிட்டது. ஆனால் அந்த வேலையின் இடமோ நேரமோ இப்போது உங்களுக்கு ஒத்துவராது. 'வரவில்லை' என்று ஒரு கடிதம் எழுத வேண்டும். அதை எப்படி எழுதுவது? அவ்வளவுதான் என் பேச்சு.

இது ஒரு பெரிய விஷயமா என்று பின்வரிசையில் யாரோ சிரிப்பது தெரிகிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன், 1987 வரைக்கும். அந்த வருஷம் வடக்கே ஒரு கம்பெனியிலிருந்து இரண்டாவது இன்டர்வியூவுக்குக் கடிதம் வந்தது. போக வர இரண்டாம் வகுப்பு ரயில் கட்டணம் தருவதாகவும் எழுதியிருந்தார்கள். நான் விண்ணப்பித்தபோது அப்பா இருந்தார். கடிதம் வந்தபோது அவர் இல்லை. அம்மாவையும் இரண்டு தங்கைகளையும் விட்டுவிட்டு ஆயிரம் மைல் போக முடியாது என்று எனக்கே தெரியும். ஆனால் அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று அந்தக் கடிதத்தை பீரோவில் வைத்தேன். தேதி போய்விட்டது. நாலு வருஷம் கழித்துச் சென்னையில் வேறு ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்குப் போனால், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் அந்தப் பழைய கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர்! என் பெயரை அவர் மறக்கவில்லை. "அன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் உங்களுக்காக உட்கார்ந்திருந்தோம்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் கூடத் தேவலை.

அப்புறம் நானே அந்தப் பக்கம் உட்கார்ந்து இருபத்தாறு வருஷம் ஓட்டினேன். ஆயிரக்கணக்கில் கடிதம் படித்திருப்பேன். வரமுடியாதவர்கள் எழுதும் கடிதம் ஏன் இவ்வளவு மோசமாக இருக்கிறது என்பதற்கு எனக்கு ஒரு விளக்கம் உண்டு. நமக்கெல்லாம் எழுதத் தெரிந்த முதல் கடிதம் லீவ் லெட்டர். 'அஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று ஆரம்பிக்குமே, அதுதான். லீவ் லெட்டரில் காரணம் முதலில் வரும், நீளமாக வரும். கடைசியில் கைகூப்பி அனுமதி கேட்கும். வாத்தியார் சரி என்று சொன்னால்தான் லீவு. இரண்டாம் சுற்றுக்கு வரவில்லை என்பது அனுமதி கேட்கிற விஷயமே இல்லை. முடிவு நம்முடையது, அதைத் தெரிவிக்கிறோம். ஆனாலும் கை பழக்கத்தில் லீவ் லெட்டரையே எழுதிவிடுகிறது.

ஓர் உண்மைச் சம்பவத்தைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்ட பெண்ணின் அப்பா என் வகுப்புத் தோழன், மூன்றாம் வரிசையில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறான். இரண்டு பேரிடமும் அனுமதி வாங்கிக்கொண்டுதான் பேசுகிறேன். பெயர் வேண்டாம்.

அந்தப் பெண் தாம்பரத்தில் இருக்கிறாள். கணக்கு சம்பந்தப்பட்ட வேலை. சிறுசேரியில் ஒரு கம்பெனியில் நல்ல இடம் ஒன்று விளம்பரத்தில் வந்தது. அமெரிக்காவின் கிழக்குக் கரை ஆட்களோடு சேர்ந்து செய்கிற வேலை. அங்கே காலை 9 முதல் மாலை 6 வரை. நமக்கு அது மாலை 6.30 முதல் விடியற்காலை 3.30 வரை. இது விளம்பரத்திலேயே தெளிவாக இருந்தது. அவளும் தெரிந்தேதான் விண்ணப்பித்தாள். ஏனென்றால் அப்போது அவள் அம்மா தாம்பரத்தில் கூடவே இருந்தார். நாலு வயசுப் பேத்தியைப் பாட்டி பார்த்துக்கொள்வார். மாப்பிள்ளைக்கு ஒரகடத்தில் வேலை, மூன்று ஷிஃப்டும் வாரத்துக்கு ஒன்றாக மாறி மாறி வரும்.

முதல் சுற்று வீடியோவில் நடந்தது. நன்றாகவே செய்தாள். அதற்குப் பத்து நாளில் திருச்சியில் என் நண்பனுக்கு பைபாஸ் ஆபரேஷன். அம்மா அவசரமாகத் திருச்சிக்குக் கிளம்பினார். அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெயில் வருகிறது: அடுத்த வியாழக்கிழமை காலை 11 மணிக்கு நேரில் இரண்டாம் சுற்று.

சனிக்கிழமை எனக்குப் போன் செய்தாள். "மாமா, நானே தெரிஞ்சுதானே அப்ளை பண்ணேன். இப்ப டைம் ஒத்துவரலைன்னு சொன்னா என்ன நினைப்பாங்க?" என்றாள். அவள் பயமெல்லாம் அதுதான். கம்பெனிக்காரன் நேரத்தை மாற்றியிருந்தால் கோபமாகவாவது எழுதலாம். இங்கே மாறியது நம் வீடு. அதனால் ஒரு குற்ற உணர்ச்சி. அந்தக் குற்ற உணர்ச்சிதான் கடிதத்தை நீளமாக்குகிறது.

முதலில் ஒத்துவராதுதானா என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்றேன். பேப்பரை எடுத்துக்கொண்டாள். மாப்பிள்ளைக்கு இரண்டாம் ஷிஃப்ட் வாரம்: மத்தியானம் ஒரு மணிக்குப் போய் இரவு 11.15-க்கு வருவார். இவள் மாலை 5 மணிக்கே கேபில் ஏறவேண்டும். ஆறு மணி நேரம் குழந்தைக்கு ஆள் இல்லை. இரவு ஷிஃப்ட் வாரம்: இரண்டு பேருமே ராத்திரி வெளியே. அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். காலை ஷிஃப்ட் வாரம் மட்டும் கொஞ்சம் தேறும் போலிருந்தது. அவர் காலை 5 மணிக்குக் கிளம்புவார்; இவள் 3.30-க்கு முடித்து, கேப் நாலு பேரை இறக்கிவிட்டு வந்தாலும் 4.45-க்கு வீட்டில் இருப்பாள். கால் மணி நேரம் கையில் இருக்கிறது.

"நவம்பர்ல என்னம்மா ஆகும்?" என்று கேட்டேன். அவளுக்கு அது தோன்றவில்லை. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள். மார்ச் இரண்டாவது ஞாயிறு வரை அப்படியே இருக்கும். அந்த நாலு மாதமும் நமக்கு ஷிஃப்ட் 7.30 முதல் 4.30. வீட்டுக்கு வர 5.45. அவர் 5 மணிக்குப் போய்விடுவார். தேறும் என்று நினைத்த ஒரே வாரத்திலும் முக்கால் மணி நேரம் குழந்தை தனியாக! இந்த மாதிரி வேலைக்குப் போகிறவர்கள் கோடைக்கால நேரத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டு ஏமாந்துபோவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இதற்கு நடுவில் என் நண்பன் திருச்சியிலிருந்து எனக்குப் போன் செய்து, "என் ஆபரேஷனாலதானேடா அவ வேலை போகுது. மூணு மாசத்துல நான் தேறிடுவேன், அவ அம்மாவைத் திருப்பி அனுப்பிடறேன், கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லி எழுதச் சொல்லு" என்றான். குரல் சரியாக இல்லை. மகளிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மூணு மாசம் கழிச்சும் அப்பாவைத் தனியா விட்டுட்டு அம்மா இங்க வரமாட்டாங்க மாமா. வந்தாலும் எனக்கு மனசு வராது" என்றாள். அப்போதுதான் முடிவு முடிவாயிற்று. அது கடிதத்துக்கும் முக்கியம். ஏன் என்று சொல்கிறேன்.

முடிவு எடுத்த கையோடு அவள் ஒரு தப்புச் செய்தாள். அழைப்பு மெயிலோடு காலண்டரில் ஒரு அழைப்பும் வந்திருந்தது. அதில் Yes, No, Maybe என்று மூன்று பொத்தான். No-வை அழுத்திவிட்டு, சொல்லியாயிற்று என்று படுத்துவிட்டாள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் புது அழைப்பு வருகிறது: வியாழன் 11 மணி வசதிப்படாவிட்டால் வெள்ளி மாலை 4 மணிக்கு வரலாமே என்று! அவர்கள் மேல் தப்பே இல்லை. காலண்டரில் No என்றால் அந்த நேரம் முடியாது என்றுதான் அந்தப் பக்கம் புரிந்துகொள்வார்கள். வேலையே வேண்டாம் என்று அந்தப் பொத்தானுக்குச் சொல்லத் தெரியாது.

சரி, கடிதமே எழுது என்றேன். அவர்களுக்குள் எல்லாம் ஆங்கிலத்தில்தான். நான் தமிழில் சொல்கிறேன். முதலில் எழுதியது இது:

"மதிப்பிற்குரிய அம்மையீர், என் தந்தையாருக்குச் சென்ற மாதம் இருதய அறுவை சிகிச்சை நடந்ததாலும், அவரைக் கவனிக்க என் தாயார் திருச்சி சென்றுவிட்டதாலும், என் கணவர் மூன்று ஷிஃப்டிலும் பணியாற்றுவதாலும், என் குழந்தைக்கு நான்கு வயதே ஆவதாலும், தற்சமயம் இரவு நேரப் பணி எனக்குச் சற்றுச் சிரமமாக இருக்கும் என்று கருதுகிறேன். எனவே நேர்முகத்தில் கலந்துகொள்ள இயலாத நிலையில் உள்ளேன். தங்களுக்கு ஏற்படும் சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறேன். இதனைக் கனிவுடன் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

அசல் லீவ் லெட்டர்! பொய் ஒன்றும் இல்லை, மரியாதைக்கும் குறைவில்லை. ஆனால் இதைப் படிக்கிறவர் என்ன செய்வார்? அந்த அம்மாள் கையில் ஒரே சமயத்தில் பதினைந்து இருபது காலியிடங்கள் இருக்கும். மெயிலைப் பெரும்பாலும் போனில்தான் பார்ப்பார். திறக்காமலேயே முதல் ஒன்றிரண்டு வரி தெரியும். அதில் தெரிவது 'தந்தையாருக்கு அறுவை சிகிச்சை'. பாவம், தேதி மாற்றிக் கேட்கிறாள் போலிருக்கிறது என்று நினைப்பார். திறந்து கடைசி வரைக்கும் படித்தாலும் 'பரிசீலிக்குமாறு' என்று இருக்கிறது. எதைப் பரிசீலிப்பது? பகல் ஷிஃப்டா, வேறு தேதியா? 'தற்சமயம்' என்றால் எப்போது வரைக்கும்? 'சற்றுச் சிரமம்' என்றால் பேசினால் சரியாகிவிடும் என்று பொருள். கேப் தருகிறோம், இன்னும் கொஞ்சம் சம்பளம் தருகிறோம் என்று போன் செய்வார். அவள் மறுபடி இல்லை என்று சொல்ல வேண்டும். மூன்று மாதத்தில் சரியாகிவிடும் என்று அவளே நம்பியிருந்தால் 'தற்சமயம்' என்று எழுதுவது நியாயம். அவள் நம்பவில்லை. நம்பாததை எழுதக்கூடாது.

இன்னொன்றும் சொன்னேன். பல கம்பெனிகளில் நீங்கள் எழுதுகிற மெயில் உங்கள் விண்ணப்பத்தோடு சேர்ந்தே கிடக்கும். இரண்டு வருஷம் கழித்து வேறு வேலைக்கு விண்ணப்பித்தால் யாராவது பழையதைத் திறப்பார்கள். 'சின்னக் குழந்தை, கணவருக்கு ஷிஃப்ட், அப்பாவுக்கு இருதயம்' என்று அதில் பார்த்துவிட்டு, இந்தப் பெண் அடிக்கடி லீவு போடும் என்று ஒருவர் மனசுக்குள் முடிவு கட்டினால் உங்களுக்குத் தெரியவா போகிறது? அப்படி நினைப்பது தப்புதான். ஆனால் நினைக்கிற ஆட்களோடு நான் வேலை பார்த்திருக்கிறேன்.

கடிதம் எழுதுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கலாமா என்றாள். அதே கம்பெனியில் இங்கிலாந்து நேரத்தில் வேலை செய்யும் பிரிவும் உண்டாம். கேட்கலாம், ஆனால் அவர்கள் சரி என்றால் நீ போவாயா என்று முதலில் உன்னையே கேட்டுக்கொள் என்றேன். கணக்குப் போட்டாள். லண்டனில் 9 முதல் 6 என்றால் நமக்குக் கோடையில் மத்தியானம் 1.30 முதல் இரவு 10.30, குளிர்காலத்தில் 2.30 முதல் 11.30. அதுவும் உதவாது. அப்படியானால் கேட்கவே வேண்டாம். சரி என்று சொன்னால் போவதற்குத் தயாராக இருப்பவன்தான் கேட்க வேண்டும். பேரம் பேச வேண்டுமானால் அது தனிக் கடிதம். அதில் 'வரவில்லை' என்ற வார்த்தையே இருக்கக்கூடாது. இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்தால் படிக்கிறவருக்கு நீங்கள் மறுக்கிறீர்களா, விலை ஏற்றுகிறீர்களா என்று தெரியாது.

திங்கட்கிழமை பதினொன்றரை மணிக்கு அவள் அனுப்பியது இது. புதிதாக ஒரு மெயில் ஆரம்பிக்காமல், அழைப்பு வந்த மெயிலுக்கே பதிலாக அனுப்பினாள். எந்த வேலை, எந்தத் தேதி என்று அந்த அம்மாள் தேடவேண்டியதில்லை பாருங்கள். பொருள் என்ற இடத்தில் மட்டும் 'விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன்' என்று முன்னால் சேர்த்தாள்.

"வணக்கம். இரண்டாம் சுற்றுக்கு அழைத்தமைக்கு நன்றி. இந்த வேலைக்கான என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவது என்று முடிவு செய்துள்ளேன். ஆகவே வியாழக்கிழமையோ, மாற்றித் தந்த வெள்ளிக்கிழமையோ நேர்முகத்துக்கு வரவில்லை. விண்ணப்பித்தபோது மாலை 6.30 முதல் அதிகாலை 3.30 வரையிலான வேலை நேரம் எனக்குச் சரியாக இருந்தது. அதன்பின் என் வீட்டுச் சூழ்நிலை மாறிவிட்டதால் இரவு நேர வேலையை ஏற்க இயலாது. காலண்டரில் நான் மறுத்ததால் ஏற்பட்ட குழப்பத்துக்கு வருந்துகிறேன். முதல் சுற்றில் பேசியவர் வேலையைப் பற்றிப் பொறுமையாக விளக்கினார். அவருக்கும் என் நன்றியைச் சொல்லுங்கள். மாலை 7 மணிக்குள் முடியும் வேலை ஏதாவது வந்தால் தெரிவியுங்கள், மகிழ்ச்சியோடு விண்ணப்பிப்பேன்."

பத்தே பத்து வாக்கியம். முடிவு மூன்றாவது வாக்கியத்தில் வந்துவிட்டது. காரணம் இரண்டு வாக்கியம். அதில் முதல் வாக்கியம்தான் அவள் பயத்துக்கு மருந்து. 'விண்ணப்பித்தபோது சரியாக இருந்தது' என்று எழுதிவிட்டால், நேரத்தைப் படிக்காமலேயே விண்ணப்பித்தாள் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். 'வீட்டுச் சூழ்நிலை' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. மன்னிப்பு ஒரே ஒரு தடவை, அதுவும் அவள் நிஜமாகவே செய்த குழப்பத்துக்கு மட்டும். கடைசி வாக்கியத்தில் 'எதிர்காலத்தில் வாய்ப்பு இருந்தால்' என்று எல்லோரும் எழுதுவார்கள். அதை யாரும் குறித்துவைக்க மாட்டார்கள். '7 மணிக்குள்' என்றால் குறித்துவைக்கலாம். ஆனால் அந்தக் கம்பெனியில் வேலை செய்ய உண்மையிலேயே ஆசை இருந்தால்தான் அதை எழுத வேண்டும். இல்லையென்றால் நன்றியோடு முடித்துவிடுங்கள்.

மெயில் போனதும் கம்பெனியின் இணையதளத்தில் போய் Withdraw பொத்தானையும் அழுத்தச் சொன்னேன். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு வேலைக்கான விண்ணப்பத்தை எடுப்பது வேறு, உங்கள் விவரம் முழுவதையும் அழிப்பது வேறு. அவசரத்தில் இரண்டாவதை அழுத்திவிட்டு, என்னை ஏன் கூப்பிடவே இல்லை என்று கேட்டவர்களும் உண்டு. ஏஜென்சி வழியாகப் போயிருந்தால் முதலில் ஏஜென்சிக்காரரிடம் சொல்லிவிடுங்கள். அவர் கம்பெனிக்காரர் வாயால் இதைக் கேட்கும்படி ஆகக்கூடாது.

திங்கட்கிழமை என்பது ஏன் முக்கியம் என்று அந்தப் பக்கத்துக் கதையைச் சொன்னால்தான் புரியும். இரண்டாம் சுற்றுக்கு நாங்கள் மூன்று நாலு பேரைத்தான் கூப்பிடுவோம். அதற்கு அடுத்த ஆளை இருப்பில் வைத்திருப்போம். அவருக்குத் தேர்வு ஆனதும் சொல்லியிருக்க மாட்டோம், இல்லை என்றும் சொல்லியிருக்க மாட்டோம். மூன்று நாள் முன்னால் ஒருவர் விலகினால் அந்த ஐந்தாவது ஆளுக்குப் போன் போகும். அவர் லீவு எடுக்க, பஸ் பிடிக்க நேரம் இருக்கும். முதல் நாள் ராத்திரி சொன்னால் இடம் காலியாகவே போகும். சொல்லாமலே இருந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு தடவை எங்கள் தொழிற்சாலை மேனேஜர் ஓசூரிலிருந்து விடியற்காலை காரில் கிளம்பிச் சென்னைக்கு வந்தார். மூன்று பேரைப் பார்க்க வேண்டும். இரண்டு பேர் வரவில்லை, ஒரு தகவலும் இல்லை. இருப்பில் இருந்த பையன் அம்பத்தூரில்தான் இருந்தான். ஒருநாள் முன்னால் தெரிந்திருந்தால் அவன் வந்திருப்பான். மேனேஜர் அந்த ஒருவரையே எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார். அம்பத்தூர் பையனுக்கு நான் 'தேர்வாகவில்லை' என்று கடிதம் அனுப்பினேன். அவனை யாரும் பார்க்கவே இல்லை என்று அதில் எழுத முடியுமா?

அதனால் ஒரு நாளுக்கும் குறைவாக நேரம் இருந்தால் முதலில் போன் செய்துவிடுங்கள், பிறகு எழுதுங்கள். போன் மட்டும் போதாது. போனில் பேசியவர் லீவில் போய்விட்டால் நீங்கள் வராதவர் பட்டியலில்தான் இருப்பீர்கள்.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நம் கல்லூரித் தம்பி ஒருவன், கிண்டி ஆபீஸ் என்று நம்பி விண்ணப்பித்தான். அழைப்பில் ஒரகடம் என்று இருந்தது. வடபழனியிலிருந்து தினமும் அங்கே போய்வர முடியாது, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதிவிட்டான். ஒரகடத்தில் இருந்தது வேலை இல்லை, இன்டர்வியூ எடுக்கிறவர்! அன்று அவருக்கு அங்கே வேலை இருந்ததாம். இன்டர்வியூ நடக்கும் இடமும் வேலை செய்யும் இடமும் வேறுவேறாக இருக்கலாம். ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு மறுத்திருக்கலாம். அப்படிக் கேட்டும் வேலை ஒரகடத்தில்தான் என்றால், 'ரொம்ப தூரம்' என்று எழுதாதீர்கள். தூரம் என்றால் கம்பெனி பஸ் இருக்கிறதே என்று பதில் வரும். 'ஒரகடத்தில் வேலை செய்ய என்னால் இயலாது, கிண்டி என்றுதான் விண்ணப்பித்தேன்' என்றால் பஸ்ஸைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கு மத்தியானமே பதில் வந்தது, இரண்டு வரி. முன்கூட்டியே சொன்னதற்கு நன்றி, வியாழக்கிழமைக்கு வேறு ஒருவரைக் கூப்பிட்டுவிட்டோம், பகல் வேலை வந்தால் உங்களைத் தொடர்புகொள்ளலாமா என்று. அந்த வேறு ஒருவர் யாரோ. அவருக்கு வேலை கிடைத்ததா என்று நமக்குத் தெரியாது.

ஏழு மாதம் கழித்து நிஜமாகவே கூப்பிட்டார்கள். காலை 9.30 முதல் மாலை 6.30, பெருங்குடியில். இரண்டு சுற்றுக்கும் போய்வந்தாள். தேர்வாகவில்லை. வரி சம்பந்தமான ஒரு கேள்வியில் தடுமாறிவிட்டேன் மாமா என்றாள். இப்போதைக்குப் பழைய வேலையிலேயே இருக்கிறாள். வரிச் சட்டம் படித்துக்கொண்டிருக்கிறாள். என் நண்பன் தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடக்கிறான். இன்றைக்குத் திருச்சியிலிருந்து தனியாக பஸ் ஏறி வந்துவிட்டான், மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தான் என்று நம்புகிறேன்.

மெஸ்ஸில் இலை போட்டாயிற்று என்று செயலாளர் சைகை காட்டுகிறார். அந்தக் கடிதத்தின் நகல் யாருக்காவது வேண்டுமென்றால் சாப்பாட்டுக்குப் பிறகு என்னைப் பாருங்கள், பெயரை எடுத்துவிட்டுத் தருகிறேன். வணக்கம்.